முதலில் ஊசி, பிறகு குளிசை: மாற்று மூட்டில் கிருமி புகுந்தால்

கொடிகாமத்திலிருந்து ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் கிளினிக்குக்கு வந்தார். வயது 67. பதினான்கு மாதத்துக்கு முதல் வலது முழங்காலை மாற்றியிருந்தார்கள். (இது ஒரே ஆளின் கோப்பு இல்லை. அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக மூன்று பேரின் கதையைக் கலந்து ஒன்றாக்கியிருக்கிறேன்.) ஒப்பரேஷனுக்குப் பிறகு ஒரு நாளாவது அந்தக் கால் தன்னுடைய கால் மாதிரி இருக்கவில்லை என்றார். முதல் மாதம் தையல் போட்ட இடத்தில் பத்து நாள் அளவில் நீர் கசிந்திருக்கிறது. குளிசை கொடுத்துக் காய வைத்திருக்கிறார்கள். பிறகு நடந்தார், கோயிலுக்குப் போனார், வீட்டு வேலையும் செய்தார். ஆனால் படுத்தாலும் நோகிறது. கடந்த இரண்டு மாதமாக அந்த நோ கூடிவிட்டது. காய்ச்சல் இல்லை, தோல் சிவக்கவும் இல்லை. இரண்டு முழங்காலிலும் மாறி மாறிக் கையை வைத்துப் பார்த்தால் வலது பக்கம் ஒரு சொட்டுச் சூடு கூட, அவ்வளவுதான்.

"ரீச்சர், கடைசியாக் குளிசை போட்டது எப்ப?"

"நேற்று இரவும் போட்டனான் டொக்டர். அதைப் போட்டால்தான் நோ கொஞ்சம் குறையுது. விட்டால் திரும்பவும் வருது."

கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டிய அட்டை கோ-அமொக்சிக்ளாவ். வீட்டுக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் ஐந்து நாளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், இது மூன்றாவது தடவை. அவர் சொன்ன பதிலில் எனக்கு இரண்டு செய்தி இருந்தன. முதலாவது, அன்ரிபயோட்டிக் போட்டால் குறைந்து, விட்டால் திரும்பும் நோ சாதாரண மூட்டு நோ இல்லை. உள்ளே கிருமி இருக்கக்கூடும். இரண்டாவது செய்தி கொஞ்சம் கவலையானது: அந்தக் கிருமி யார் என்று கண்டுபிடிப்பதை அதே குளிசை தடுத்துக்கொண்டிருக்கிறது.

மாற்று மூட்டில் கிருமி பிடித்தவர்களுக்கு மூட்டைக் கழற்றிப் புதியதைப் போட இரண்டு வழி உண்டு. கழற்றிய அன்றே, அதே மயக்கத்தில் புதியதைப் போட்டு முடிப்பது ஒன்று. கழற்றி, மருந்து கலந்த சீமெந்துக் கட்டையை இடையில் வைத்து, சில மாதம் பொறுத்து இரண்டாம் தடவை திறந்து போடுவது மற்றது. எது நல்லது என்று நோயாளிகள் கேட்கிறார்கள், மாநாடுகளிலும் வாதாடுகிறார்கள். பெரும்பாலும் அந்த முடிவு தியேட்டருக்கு வர முதலே தீர்ந்துவிடுகிறது என்பது என் அனுபவம். மூட்டு நீரை எடுக்கும் ஊசி எப்போது, எப்படி உள்ளே போனது என்பதைப் பொறுத்து, ஒரு வழி திறந்திருக்கும் அல்லது மூடியிருக்கும்.

ஏன் குளிசையால் மாறாது

உடம்புக்குள் வைத்த உலோகத்துக்கும் பிளாஸ்ரிக்குக்கும் இரத்த ஓட்டம் இல்லை. பக்டீரியா அதில் ஒட்டிக்கொண்டதும் தன்னைச் சுற்றி வழுவழுப்பான ஒரு படலத்தைக் கட்டிக்கொள்ளும். கிணற்றுக் கட்டில் பாசி பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாலும் பாசி போகாது, உரஞ்சித்தான் எடுக்க வேண்டும். படலத்துக்கு அடியில் இருக்கும் பக்டீரியாக்கள் மெதுவாகப் பெருகும், சில உறங்கிக் கிடக்கும். பெருகும் கிருமியை அடிக்கும் மருந்துகளுக்கு அவை அகப்படுவதில்லை. படலத்திலிருந்து கழன்று மூட்டு நீரில் மிதப்பவைதான் குளிசையில் சாகின்றன. அதனால்தான் ரீச்சருக்கு நோ குறைந்தது, அதனால்தான் திரும்பவும் வந்தது.

ஒப்பரேஷன் முடிந்து முதல் நாலு கிழமைக்குள், அல்லது நன்றாக இருந்த மூட்டு திடீரென்று வீங்கி மூன்று கிழமைக்குள் வந்தால், படலம் இன்னும் முற்றவில்லை என்று கருதி மூட்டைக் கழற்றாமலே திறந்து கழுவி, நடுவில் உள்ள பிளாஸ்ரிக் துண்டை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். ரீச்சருக்கு அந்தக் காலம் எப்போதோ கடந்துவிட்டது. எக்ஸ்ரேயில் கீழ்க்காலுக்குள் இறக்கிய பாகத்துக்கு அடியில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்றும் தெரிந்தது. சீமெந்து எலும்பை விட்டு விலகத் தொடங்கியிருக்கிறது என்று அர்த்தம். ஆகவே அவருக்குக் கழற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை. கிருமிதான் காரணமா என்பதை மட்டும் நிச்சயப்படுத்த வேண்டும், ஏனென்றால் கிருமி இல்லாமலும் மூட்டு கழரும்.

புள்ளி போட்டுப் பார்ப்பது

ஒரே ஒரு சோதனையால் "கிருமி இருக்கிறது" என்று அடித்துச் சொல்ல முடியாது. அதனால் பல சோதனைகளுக்குப் புள்ளி கொடுத்துக் கூட்டும் முறை ஒன்று 2018இல் வந்தது. 2011இலும் 2013இலும் வந்த வரையறைகளைத் திருத்தி எழுதியது இது. இரண்டு விடயங்கள் தனியாகவே போதும். மூட்டிலிருந்து தோலுக்கு வழி திறந்து சீழ் வடிந்தால், அல்லது தனித்தனியே எடுத்த இரண்டு மாதிரியில் ஒரே கிருமி வளர்ந்தால், அதற்கு மேல் எதையும் எண்ணத் தேவையில்லை. இவை இல்லாதபோதுதான் கூட்டல்.

ரீச்சரின் இரத்தத்தில், உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி லீற்றருக்கு 18 மில்லிகிராம். 10க்கு மேல் போனால் 2 புள்ளி. அழற்சியையே காட்டும் இன்னொரு சோதனையான ஈ.எஸ்.ஆர் 52, அது 30க்கு மேல் என்றால் 1 புள்ளி. ஆக 3. ஆறும் அதற்கு மேலும் என்றால் கிருமி இருக்கிறது, இரண்டுக்கும் ஐந்துக்கும் இடையில் என்றால் இருக்கலாம், அதற்குக் கீழே என்றால் இல்லை. மூன்றில் நிற்பவருக்கு அடுத்த படி மூட்டு நீரை எடுப்பது. சி.ஆர்.பி 18 என்பது பார்வைக்குச் சின்ன எண், தடிமன் பிடித்தாலே அவ்வளவு ஏறும். சோம்பலான கிருமி என்றால் 10ஐக்கூடத் தாண்டாது. இரத்தச் சோதனை நன்றாயிருக்கிறது என்று சொல்லி இரண்டு வருடம் நோவோடு அலைந்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

அன்றே ஊசியை எடுத்திருக்கலாம். நான் எடுக்கவில்லை. "இரண்டு கிழமைக்கு ஒரு அன்ரிபயோட்டிக்கும் வேண்டாம். நோவுக்கு பரசிட்டமோல் மட்டும். காய்ச்சல் வந்தாலோ கால் சிவந்தாலோ அன்றைக்கே வாங்கோ" என்று சொல்லி அனுப்பினேன். குளிசை உடம்பில் இருக்கும்போது நீர் எடுத்தால் மிதக்கும் கிருமிகள் செத்திருக்கும், கல்ச்சர் தட்டில் எதுவும் முளைக்காது. "வளர்ச்சி இல்லை" என்று வரும் அந்த அறிக்கை ஆளை ஏமாற்றும். கிருமி இல்லை என்று அது சொல்லவில்லை, கிருமியின் பெயரைத்தான் மறைக்கிறது. பெயர் தெரியாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குப் பிறகு வருகிறேன். இரத்தத்தில் நச்சு ஏறி ஆள் சோர்ந்து போயிருந்தால் மட்டும் இப்படிக் காத்திருக்கக் கூடாது. அப்போது உடனே நீரை எடுத்துவிட்டு மருந்தைத் தொடங்க வேண்டும்.

ஊசி போடுவதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. மரக்கப்பண்ணும் மருந்தைத் தோலில் மட்டும் போட வேண்டும், மூட்டுக்குள் விடக்கூடாது. அந்த மருந்தே கிருமியின் வளர்ச்சியை அடக்கும். நீர் வராவிட்டால் உப்பு நீரை உள்ளே விட்டுத் திருப்பி உறிஞ்சும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அப்படி வந்த நீரில் கலங்களை எண்ணிப் பயனில்லை, பாலில் தண்ணீர் கலந்த பிறகு கொழுப்பை அளப்பதுபோலத்தான். ரீச்சருக்கு 12 மில்லிலீற்றர் வந்தது, வைக்கோல் நிறம், ஆனால் கலங்கல். சிரிஞ்சுக்குப் பின்னால் அச்சடித்த தாளைப் பிடித்தால் எழுத்து வாசிக்க முடியவில்லை. பாதியை இரத்தக் கல்ச்சர் போத்தல்கள் இரண்டில் விட்டோம். சாதாரணக் குழாயில் அனுப்புவதைவிட அந்தப் போத்தல்களில் கிருமி பிடிபடும் வாய்ப்புக் கூட. இன்னொரு பங்கு இரத்தம் உறையாமல் வைக்கும் ஊதா மூடிக் குழாயில், கலங்களை எண்ணுவதற்கு.

ஒரு துளி மிஞ்சியது. அதை, சிறுநீர் சோதிக்கும் கீற்றின் வெண்குழியச் சதுரத்தில் விட்டோம். சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கச் செய்த அதே கீற்றுத்தான். வெண்குழியங்கள் விடும் ஒரு நொதியம் அந்தச் சதுரத்தை ஊதாவாக்கும். இரண்டு நிமிடம் கழித்துப் பார்த்தபோது மங்கல் மஞ்சளாக இருந்தது கடும் ஊதாவாக, போத்தலில் ஒட்டியிருந்த அட்டையின் இரண்டு கூட்டல் நிறத்துக்கு வந்திருந்தது. புள்ளி முறையில் இதற்கும் இடம் உண்டு. அல்பா டிபென்சின் என்று விலை கூடிய சோதனை ஒன்றையும் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். நான் வேலை செய்யும் இடத்தில் அது இல்லை, இல்லாததால் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகவும் இல்லை. கீற்றுக்கு உள்ள பெரிய குறை, நீரில் இரத்தம் கலந்தால் நிறத்தை வாசிக்க முடியாது. அப்போது குழாயைச் சுழற்றி மேலே தெளிந்ததை எடுத்து விட வேண்டும்.

அன்று பின்னேரம் எண்ணிக்கை வந்தது. மைக்ரோலீற்றருக்கு 4,600 வெண்குழியம், அதில் கிருமியோடு முதலில் சண்டைக்கு வரும் நியூட்ரோபில் வகை 84 வீதம். எண்ணிக்கை 3,000க்கு மேல் என்பதற்கு 3 புள்ளி. கீற்றும் எண்ணிக்கையும் ஒரே விடயத்தைத்தான் சொல்கின்றன, அதனால் இரண்டுக்கும் சேர்த்து ஒரு தடவைதான் 3. நியூட்ரோபில் 80 வீதத்துக்கு மேல் என்பதற்கு 2. பழைய மூன்றோடு கூட்டினால் 8. கிருமி இருக்கிறது. எலும்பு, மூட்டுத் தொற்றுக்கான ஐரோப்பியச் சங்கம் 2021இல் வெளியிட்ட வரையறைப்படி பார்த்தாலும் விடை அதேதான். அதில் புள்ளிக் கணக்கு இல்லை. 3,000க்கு மேல் என்றால் உறுதி, 1,500க்கும் 3,000க்கும் இடையில் என்றால் சந்தேகம் என்று மூன்று அடுக்காகப் பிரித்திருக்கிறார்கள். 2,000 என்று வரும் ஒருவரை 2018 முறை தவறவிடக்கூடும், ஐரோப்பிய முறை பிடித்து வைத்துக்கொள்ளும். எனக்குப் பின்னதுதான் பிடிக்கும், ஆனால் வாட்டில் பேசும்போது எல்லோரும் புள்ளியைத்தான் கேட்கிறார்கள்.

இந்த எல்லைகள் எல்லாருக்கும் பொருந்தாது. ஒப்பரேஷன் நடந்து ஆறு கிழமைக்குள் என்றால் புண் ஆறுவதாலேயே வெண்குழியம் குவிந்திருக்கும். அப்போது 10,000 அளவில்தான் எல்லை வைக்க வேண்டும். முடக்குவாதம் உள்ளவர்களுக்கும் மூட்டில் உப்புப் படிகம் படிந்தவர்களுக்கும் கிருமி இல்லாமலே எண்ணிக்கை ஏறும்.

பெயர் தெரிந்த கிருமி

மூன்றாம் நாள் ஆய்வுகூடத்திலிருந்து தொலைபேசி வந்தது. இரண்டு போத்தலிலும் ஸ்ரபிலோகொக்கஸ் எபிடெர்மிடிஸ். எல்லோருடைய தோலிலும் குடியிருக்கும் கிருமி இது, ஊசி உள்ளே போகும்போது தோலிலிருந்து கூடப் போயிருக்கலாம். இரண்டு போத்தல் என்றாலும் எடுத்தது ஒரே ஊசி. சந்தேகத்தோடு ஒரு மூட்டைக் கழற்றக் கூடாது என்பதால் ஒரு கிழமை கழித்து இன்னொரு தடவை நீர் எடுத்தோம். ரீச்சருக்கு அது பிடிக்கவில்லை, "திரும்பவுமோ?" என்று முகத்தைச் சுளித்தார். ஆனால் அதே கிருமி, எந்த மருந்துக்கு மடங்கும் எதற்கு மடங்காது என்ற அதே பட்டியலோடு வந்தது. இப்போது கூட்டலே தேவையில்லை. இரண்டு தனித்தனி மாதிரியில் ஒரே கிருமி.

பட்டியலும் அவருக்குச் சாதகமாக இருந்தது. குளொக்சசிலினுக்கு மடங்கும், ஜென்டமைசினுக்கு மடங்கும், லிவோபுளொக்சசினுக்கும் ரிபாம்பிசினுக்கும் மடங்கும். சீமெந்தில் கலக்க ஒன்று, நரம்பு வழியாக ஏற்ற ஒன்று, படலத்துக்குள் நுழைய ஒன்று என்று எல்லாம் கைக்கு வந்தன. இந்தப் பட்டியல் கையில் இருப்பதுதான் ஒரே கட்டத்தில் மாற்றுவதற்கான அனுமதிச் சீட்டு.

ஏன் என்று யோசித்துப் பாருங்கள். ஒரே கட்டத்தில் மாற்றும்போது கிருமி இருந்த கிடங்கிலேயே, ஒரு மணித்தியாலம் கழித்து, புதிய உலோகத்தை வைக்கிறோம். கத்திக்குத் தப்பிய கிருமி கொஞ்சமாவது இருக்கும். அது புதிய உலோகத்தில் ஒட்ட முதல், சுற்றியிருக்கும் சீமெந்திலிருந்து கசியும் மருந்து அதைக் கொல்ல வேண்டும். எந்த மருந்து என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் சீமெந்து இறுகிய பிறகு மாற்ற முடியாது. ஹம்பேர்க்கில் புக்ஹோல்ஸ் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் சீமெந்தில் ஜென்டமைசினைக் கலந்து தொடங்கிய வழி இது. 1981இல் அவருடைய குழு 583 இடுப்பு மூட்டுகளின் முடிவை வெளியிட்டது. முதல் மாற்றிலேயே 77 வீதம் வென்றிருந்தார்கள். அதற்குப் பிறகும் மற்ற நாடுகள் பல, அமெரிக்கா முக்கியமாக, 1983இல் இன்சால் குழு முழங்காலுக்கு விவரித்த இரண்டு கட்ட முறையைத்தான் பிடித்துக்கொண்டன. அதில் பெயர் தெரியாவிட்டாலும் சமாளிக்கலாம். கழற்றி, ஐந்தாறு இழைய மாதிரி எடுத்து, பரந்த வீச்சுள்ள மருந்தைச் சீமெந்துக் கட்டையில் கலந்து வைத்துவிட்டு, கல்ச்சர் வந்த பிறகு மருந்தைத் திருத்திக்கொள்ளலாம். பிழை விட்டால் திருத்த இரண்டாம் சந்தர்ப்பம் இருக்கிறது.

அந்தச் சந்தர்ப்பத்துக்கு நோயாளி கொடுக்கும் விலை பெரிது. முழங்காலுக்குள் சீமெந்துக் கட்டை, ஊன்றுகோல், சில மாதம். கட்டையை வைத்துக்கொண்டு பின்வளவு மலசலகூடத்துக்குப் போக முடியாது, பஸ் படியில் ஏற முடியாது. தொடைத் தசை உருகும், மூட்டு இறுகும். பிறகு திரும்பவும் மயக்கம், திரும்பவும் இரத்தம். இடையில் மாரடைப்பு வருகிறது, அல்லது கிருமி அடங்கவில்லை, அல்லது "இனி என்னை வெட்ட வேண்டாம்" என்று நோயாளியே சொல்லிவிடுகிறார். முதல் கட்டம் முடித்தவர்களில் கணிசமானோர் இரண்டாம் கட்டத்துக்கு வருவதே இல்லை. இரண்டு கட்ட முறையின் வெற்றி வீதத்தை வாசிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பழைய கட்டுரைகள் பலவற்றில் புதிய மூட்டுப் போட்டுக்கொண்டவர்களை மட்டும் எண்ணியிருப்பார்கள். வழியில் விழுந்தவர்கள் கணக்கிலேயே இல்லை. ஒரு கட்ட முறையின் எண்களுக்கும் எதிர்ப்பக்கக் குறை உண்டு. நல்ல தோல், நல்ல எலும்பு, பெயர் தெரிந்த கிருமி உள்ளவர்களைத் தெரிந்தெடுத்துத்தான் அதைச் செய்கிறார்கள். பிறகு முடிவு நன்றாயிருப்பதில் என்ன ஆச்சரியம்?

இரண்டையும் சீட்டுப் போட்டுப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு 2022இல் வந்தது. பிரித்தானியாவிலும் சுவீடனிலும் 140 பேர், எல்லாம் இடுப்பு மூட்டு. மூன்று மாதத்தில் ஒரு கட்டத்தினர் நோவிலும் நடமாட்டத்திலும் முன்னுக்கு நின்றார்கள், பதினெட்டு மாதத்தில் இரு பக்கமும் சமம். செலவும் ஒரு கட்டத்துக்குத்தான் குறைவு. முழங்காலுக்கு இதை அப்படியே தூக்கிப் போட முடியாது. முழங்காலில் தோல் மெல்லிது, தசை மூடுவது குறைவு. முழங்காலுக்கு வந்த தொடர் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தாலும் கிருமி திரும்பும் வீதம் இரு முறையிலும் நூற்றுக்குப் பத்துக்குள், கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் இருக்கிறது. மேலே சொன்ன தெரிவுக் குறை அதற்குள்ளும் உண்டு.

ரீச்சரைப் பொறுத்தவரை தோல் முழுதாக இருந்தது, சீழ் வழி இல்லை. எலும்பு அரிப்புக் கொஞ்சம்தான். சீனி வருத்தம் உண்டு, ஆனால் மூன்று மாதச் சராசரி 7.4. இருதயம் நல்லது. கிருமிக்குப் பெயரும் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. "ஒரே அடியா மாத்தினால் எனக்கு நல்லது, உங்களுக்கு என்ன கரைச்சல்?" என்று கேட்டார். எங்களுக்கு உள்ள கரைச்சல் பொருள்தான். நீண்ட தண்டுள்ள மாற்று மூட்டின் எல்லா அளவுகளும் அன்றைக்கு அலமாரியில் இருக்க வேண்டும், இரண்டு முழு உபகரணத் தட்டு வேண்டும், அரைநாள் தியேட்டர் வேண்டும். இவற்றில் ஒன்று வந்து சேராவிட்டால் திகதியைத் தள்ளுவேனே தவிர, இருப்பதை வைத்துச் சமாளிக்கமாட்டேன்.

அன்றைய தியேட்டர்

ஒரே ஒப்பரேஷன் என்று பெயர், உள்ளே இரண்டு ஒப்பரேஷன். முதலாவது அழுக்கு ஒப்பரேஷன். பழைய தழும்பை வெட்டி எடுத்து, மூட்டின் உள்சவ்வு முழுவதையும் புற்றுக்கட்டி எடுப்பதுபோல் எடுத்தோம். ஐந்து இடத்திலிருந்து ஐந்து துண்டு இழையம், ஒவ்வொன்றுக்கும் புதிய கத்தி, புதிய இடுக்கி, தனிப் போத்தல். ஆறாவது துண்டு நுணுக்குக்காட்டிக்கு. பஞ்சுக் குச்சியால் தடவி அனுப்புவதை நான் ஏற்பதில்லை, அதில் மேலே மிதக்கும் கிருமிதான் வரும். பிறகு உலோகம் கழன்றது, எலும்புக்குள் ஒட்டியிருந்த சீமெந்துத் துணிக்கைகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒரு துணிக்கையை உள்ளே விட்டால் அதில் பிடித்த படலத்தையும் விட்டதாகிறது. இதில்தான் நேரம் போகிறது, இதில்தான் அலுப்பும் வருகிறது, பிழையும் இதில்தான் விடுகிறோம்.

கழுவி, பொவிடோன் அயடினில் ஊறவைத்து, புண்ணை மூடினோம். விரிப்புகள் எல்லாம் போயின. நாங்களும் வெளியே போய்த் திரும்பவும் கை கழுவிப் புது உடுப்புப் போட்டு வந்தோம். மேசையில் புதிய தட்டு, உறிஞ்சி, விளக்கின் கைப்பிடி வரை புதிது. இனி இரண்டாவது, சுத்த ஒப்பரேஷன்.

சீமெந்தில் மருந்து கலப்பதற்கும் ஒரு அளவு இருக்கிறது. 40 கிராம் தூளுக்கு மொத்தம் 4 கிராமுக்கு மேல் போகக்கூடாது, அதாவது பத்திலொன்று. கூடினால் இறுகிய சீமெந்து உடையும். இடையில் வைக்கும் கட்டை சில மாதத்தில் கழற்றப்படுவது, அதற்கு இதைவிடக் கூடப் போடலாம். தூளாகத்தான் போட வேண்டும், கரைசலாகப் போட்டால் சீமெந்து கெட்டுவிடும். இறுகும்போது வரும் சூட்டையும் மருந்து தாங்க வேண்டும். ஜென்டமைசினும் வான்கோமைசினும் தாங்கும்.

மற்ற வழிக்குப் போயிருக்க வேண்டியவர்

இதே ரீச்சர் நாலாம் தடவையும் குளிசை போட்டுவிட்டு வந்து, யாராவது அன்றே ஊசி போட்டிருந்தால், அறிக்கை "வளர்ச்சி இல்லை" என்றே வந்திருக்கும். புள்ளி 8 வந்தாலும் பெயர் இல்லை. நான் இரண்டு கட்டம்தான் செய்திருப்பேன். தோலில் சீழ் வழி திறந்து, தைத்து மூட இடமில்லாமல் போனவர்களுக்கும் அதுவே. பூஞ்சணம் என்றாலும் அதுவே.

நம்முடைய பக்கத்துக்கு இன்னும் ஒன்றைச் சேர்க்க வேண்டும். வழக்கமான தட்டுகளில் எதுவும் முளைக்காதபோது காசத்தை நினைக்க வேண்டும். அதற்குத் தனிக் கல்ச்சர் கேட்டால்தான் தேடுவார்கள், வாரக்கணக்கில் பிடிக்கும். வயல் சேற்றில் இறங்கும் சீனி வருத்தக்காரர் என்றால் மெலியோய்டோசிஸ். இலங்கையில் மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் பர்க்கோல்டேரியா என்ற கிருமியால் வருவது அது, சூடோமோனாஸ் என்று ஆய்வுகூடத்தில் தவறவிடவும் கூடும். அந்தக் கிருமி இயல்பிலேயே ஜென்டமைசினுக்கு மடங்காது. பெயர் தெரியாமல் வழக்கமான ஜென்டமைசின் சீமெந்தைப் போட்டு ஒரே கட்டத்தில் முடித்தால், கிருமிக்குப் புது வீடு கட்டிக் கொடுத்ததுதான் மிச்சம்.

ரீச்சரின் ஐந்து போத்தலில் நாலில் அதே எபிடெர்மிடிஸ் வளர்ந்தது. ஐந்தாவதைப் பதினாலு நாளும் வைத்துப் பார்த்தார்கள், ஒன்றும் வரவில்லை. பதினாலு நாள் என்பது மெதுவாக வளரும் கிருமிகளுக்காக. நுணுக்குக்காட்டித் துண்டிலும் நியூட்ரோபில் நிறைந்திருந்தது. குளொக்சசிலின் நரம்பு வழியாகப் பத்து நாள், புண் நன்றாகக் காய்ந்த பிறகு லிவோபுளொக்சசினும் ரிபாம்பிசினும் வாயால். வாயால் கொடுப்பது நரம்பு வழியாகக் கொடுப்பதற்குக் குறைந்ததில்லை என்று 1,054 பேரைக் கொண்ட பிரித்தானிய ஆய்வு 2019இல் காட்டியது. மொத்தம் பன்னிரண்டு கிழமை. ஆறு கிழமை போதுமா என்று பிரான்சில் பார்த்தார்கள். 2021இல் வந்த முடிவில் ஆறு கிழமைக்காரர்களில் 18 வீதத்தினருக்குக் கிருமி தொடர்ந்தது, பன்னிரண்டு கிழமைக்காரர்களில் 9 வீதத்தினருக்கு.

ரிபாம்பிசின் தொடங்கி மூன்றாம் நாள் சலம் செம்மஞ்சளாகப் போகிறது என்று பயந்து தொலைபேசி எடுத்தார், அதை முன்கூட்டியே சொல்ல மறந்தது என் பிழை. இரண்டாம் கிழமை சீனி ஏறத் தொடங்கியது. அவர் போடும் கிளிக்கிலசைட்டை ரிபாம்பிசின் ஈரலில் வேகமாக எரித்துவிடும், அதனால் கிளினிக்கில் அளவைக் கூட்டினார்கள். ரிபாம்பிசின் நிறுத்தும் நாளில் திரும்பக் குறைக்க வேண்டும் என்று கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பில் எழுதி விட்டோம். அதற்குக் கீழே இன்னொரு வரியும் உண்டு: "முழங்காலுக்கு அன்ரிபயோட்டிக் எழுத முதல் நீர் எடுக்கவும்." ஆறாம் கிழமை சி.ஆர்.பி 4. இரண்டு வருடம் கழியும்வரை "மாறிவிட்டது" என்று நாங்கள் எழுதுவதில்லை. அவருக்கு இன்னும் பதினேழு மாதம் இருக்கிறது.